ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்ததா? திட்ட அட்டவணையில் இணைப்பு வகைகளும் அவை தேதிகளை நகர்த்தும் விதமும்: கேள்வி பதில்

மென்பொருளில் FS, SS, FF, SF என்று நாலு இருக்கிறது. எல்லோரும் FS மட்டும்தான் போடுகிறார்கள். மற்ற மூன்றும் எதற்கு?

ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு முனைகள்: தொடக்கம் S, முடிவு F. முன்வேலையின் எந்த முனையைப் பின்வேலையின் எந்த முனையோடு கட்டுகிறீர்கள் என்பதைத்தான் அந்த இரண்டு எழுத்துகள் சொல்கின்றன. முதல் எழுத்து முன்வேலையின் முனை, இரண்டாவது பின்வேலையின் முனை. FS என்றால் முன்வேலை முடிந்த பிறகு பின்வேலை தொடங்கலாம். SS என்றால் முன்வேலை தொடங்கிய பிறகு பின்வேலையும் தொடங்கலாம். FF என்றால் முன்வேலை முடியும்வரை பின்வேலை முடியக் கூடாது. SF என்றால் முன்வேலை தொடங்கும்வரை பின்வேலை முடியக் கூடாது.

ஒரு இணைப்பு ஒவ்வொரு வேலையிலும் ஒரு முனையைத்தான் பிடிக்கும், மற்ற முனை சும்மா தொங்கும். தேதி சார்ந்த குழப்பங்களில் பெரும்பகுதி அந்தத் தொங்கும் முனையிலிருந்துதான் வருகிறது. அதனால் இந்தப் பக்கத்தில் நாலு வகைக்கும் சம இடம் தராமல், தொங்கும் முனை எங்கே கடிக்கிறது என்பதில்தான் அதிக நேரம் செலவிடப் போகிறேன்.

எடுத்துக்காட்டாகச் சிங்கப்பூரில் ஒரு பழைய நாலறை வீவக வீட்டைப் புதுப்பிக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். இரண்டு குளியலறை, ஒரு சமையலறை, அறைகளுக்குப் புதுப் பெயின்ட். பழைய டைல்ஸை உடைத்தெடுக்கும் ஹேக்கிங் 2026 ஜூலை 16, வியாழக்கிழமை தொடங்குகிறது. கட்டுமானத் தளத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது சின்ன வேலை. ஆனால் பெரிய தளத்தில் வரும் சிக்கல்கள் எல்லாம் இதிலேயே இருக்கின்றன.

ஹேக்கிங் மூன்று நாள் என்று போட்டேன். 16இல் தொடங்கினால் 18இல் முடிய வேண்டும். மென்பொருள் 20 என்று காட்டுகிறதே?

மென்பொருள் சரியாகத்தான் காட்டுகிறது, உங்கள் நாட்காட்டி ஒழுங்காக அமைந்திருக்கிறது என்று அர்த்தம். வீவக வீடுகளில் உடைப்பது, டைல்ஸ் வெட்டுவது, விடாமல் துளையிடுவது போன்ற சத்தமான வேலைகளை வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 மணிக்குள்தான் செய்ய முடியும். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் கூடாது. சத்தமில்லாத வேலைகளைச் சனிக்கிழமையும் செய்யலாம்.

ஆக, ஹேக்கிங் வியாழன் 16, வெள்ளி 17, திங்கள் 20. அதற்கு FS போட்டால் குழாய் மற்றும் தரைப்பூச்சு வேலை 21 செவ்வாய் காலை தொடங்கி 23 வியாழன் முடியும். அப்புறம் வாட்டர்புரூஃபிங் இரண்டு நாள், வெள்ளி 24, சனி 25. இது சத்தமில்லாத வேலை, சனிக்கிழமை செய்யலாம்.

இங்கேயே ஒன்றைக் கவனியுங்கள். ஒரே திட்டத்தில் இரண்டு நாட்காட்டி தேவைப்படுகிறது, திங்கள் முதல் வெள்ளி ஒன்று, திங்கள் முதல் சனி ஒன்று. எல்லா வேலைக்கும் ஆறு நாள் வாரத்தைப் போட்டவர் ஹேக்கிங் 18ஆம் தேதி முடியும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருப்பார். குழாய் ஆளைத் திங்கட்கிழமை வரச் சொல்லியும் இருப்பார். அவர் வரும்போது சுவரில் இன்னும் பழைய டைல்ஸ் இருக்கும். இணைப்பில் தவறில்லை, நாட்காட்டியில்தான் தவறு. தேதி தப்பாக வந்தால் பலரும் முதலில் FSஐ மாற்றப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டியை.

வாட்டர்புரூஃபிங் காய வேண்டும், தண்ணீர் தேக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் இடைவெளியை 2d என்று போடுவதா, 2ed என்று போடுவதா?

இரண்டும் வேறு தேதி தரும். `d` வேலை நாளை எண்ணும். `ed` கடிகாரத்தை எண்ணும், ஞாயிறு, விடுமுறை எதையும் பார்க்காது. கீழே முதலில் வரும் 3 என்பது முன்வேலையான வாட்டர்புரூஃபிங்கின் வரி எண்.

```
டைல்ஸ்   3FS+2d     தொடக்கம்: புதன் 29 ஜூலை
டைல்ஸ்   3FS+2ed    தொடக்கம்: செவ்வாய் 28 ஜூலை
```

வாட்டர்புரூஃபிங் சனி 25 மாலை முடிகிறது. `2d` என்றால் திங்கள், செவ்வாய் இரண்டையும் எண்ணிவிட்டுப் புதனுக்குப் போகும். `2ed` என்றால் 48 மணி நேரம், திங்கள் மாலையோடு சரி, செவ்வாய் காலை டைல்ஸ். பூச்சு ஞாயிற்றுக்கிழமையும் காயும். அதனால் காய்வது, இறுகுவது போன்றவற்றுக்கு `ed`தான் பொருத்தம்.

ஆனால் இந்த இடத்தில் இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்த 48 மணி நேரத்தில் பாதி காய்வதற்கு, மீதி 24 மணி நேரம் தண்ணீர் தேங்கி நிற்பதற்கு. அப்படியானால் ஞாயிறு மாலை யாரோ ஒருவர் வந்து வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிரப்ப வேண்டும். யார் வருவார்? இடைவெளிக்குப் பெயர் இல்லை, பொறுப்பாளர் இல்லை, அச்சடித்த அட்டவணையில் அது ஒரு வரியாகக்கூட வராது. அந்த வேலையை எல்லோரும் மறந்துபோவது அதனால்தான்.

என் வழக்கம் இது: மனிதர் தொடாமல் தானாக நடப்பதை மட்டும் இடைவெளியாக வைப்பேன். மனிதர் கை வைக்க வேண்டியது எதுவாக இருந்தாலும், ஒரு மணி நேர வேலையானாலும், தனி வேலையாகவே எழுதுவேன்.

```
3   வாட்டர்புரூஃபிங்               2d
4   தண்ணீர் நிரப்புதல்             1h    3FS+1ed
5   கீழ்வீட்டுக் கூரை பார்த்தல்      1h    4FS+1ed
6   டைல்ஸ்                        5d    5FS
```

இப்போது பாருங்கள். ஞாயிறு யாரும் வர மாட்டார்கள், அதனால் தண்ணீர் நிரப்புவது திங்கள் 27 காலை 9 மணிக்கு விழுகிறது. 10 மணிக்கு நிரப்பி முடியும், அதிலிருந்து சரியாக 24 மணி நேரம் கழித்துச் செவ்வாய் 28 காலை 10 மணிக்குச் சோதனை. கசிவு தெரிவது உங்கள் தரையில் அல்ல, கீழ்வீட்டுக்காரர் குளியலறைக் கூரையில். ஆகவே அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருக்க வேண்டும், முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். இடைவெளியாக மட்டும் வைத்திருந்தால் இந்த இரண்டு விஷயமும் கண்ணில் பட்டிருக்காது. செவ்வாய் மீதிப் பொழுதில் டைல்ஸை மேலே ஏற்றி, கோடு போட்டு வைக்கலாம். `5FS`ஐ அப்படியே விட்டால் மென்பொருள் டைல்ஸைச் செவ்வாய் 11 மணிக்கே தொடங்கும். கணக்கு எளிதாக இருக்க, டைல்ஸ் பதிப்பதைப் புதன் 29 காலையில் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். வெட்டும் சத்தம் இருப்பதால் வார நாள் மட்டும்: 29, 30, 31, ஆகஸ்ட் 3, 4. செவ்வாய்க்கிழமை ஆகஸ்ட் 4 முடிவு.

கசிந்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். அட்டவணை அதைத் தானாகக் கையாளாது. பூச்சைத் திரும்பப் போட்டு, காயவிட்டு, திரும்ப நிரப்ப வேண்டும். அதற்கான நாட்களை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். சோதனை தனி வரியாக இருந்தால், எதை நீட்டுவது என்றாவது தெரியும்.

சுவர்ப் பூச்சு முழுக்க முடியும்வரை பெயின்ட்காரரை ஏன் காக்க வைக்க வேண்டும்? SS போட்டு இரண்டு நாள் தள்ளி ஆரம்பித்தேன். தேதி எல்லாம் நன்றாக வந்தது. பிறகு ஏன் தளத்தில் சண்டை?

உங்கள் எண்ணம் சரிதான். ஒரு அறையில் பூச்சு முடிந்தால் அங்கே பெயின்ட் அடிக்கலாம், வீடு முழுக்கக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் நீங்கள் மென்பொருளிடம் சொன்னது அதுவல்ல.

நம் வீட்டிலேயே போட்டுப் பார்ப்போம். பூச்சு ஆறு நாள், ஜூலை 27 திங்கள் முதல் ஆகஸ்ட் 1 சனிவரை. பெயின்ட் மூன்று நாள். `SS+2d` போட்டால் பெயின்ட் புதன் 29 தொடங்கி வெள்ளி 31 முடியும். மறுபடி படித்துப் பாருங்கள். பூச்சு சனிக்கிழமை முடிகிறது, பெயின்ட் வெள்ளிக்கிழமையே முடிந்துவிடுகிறது. கடைசி அறையில் பூச்சுப் பூசுவதற்கு முன்பே பெயின்ட் அடித்து முடித்திருக்கிறார்கள். அட்டவணைப் படத்தில் இரண்டு பட்டைகளும் அழகாகப் படிக்கட்டு மாதிரி நிற்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

SS தொடக்கங்களை மட்டும் கட்டியது, இரண்டு வேலைகளின் முடிவுகளும் தொங்குகின்றன. பின்வேலை முன்வேலையைவிட வேகமாக நடக்கும் எல்லா இடத்திலும் இது வரும். பின்வேலை மெதுவாக நடப்பதாக இருந்தால் SS மட்டும் தாங்கும், ஏனென்றால் அது முன்வேலையை எட்டிப் பிடிக்கவே போவதில்லை. எனவே SS போடும்போது முதலில் கேட்க வேண்டியது: இரண்டில் எது வேகமானது?

இன்னொரு ஆபத்தும் உண்டு, இதுதான் சண்டைக்குக் காரணமாக இருந்திருக்கும். அந்த இரண்டு நாள் என்பது நாட்கள்தான், முடிந்த வேலையின் அளவு அல்ல. பூச்சுக்காரர் திங்கள் வந்து தொடங்கினார் என்று நீங்கள் பதிவு செய்துவிட்டீர்கள். செவ்வாயும் புதனும் அவருக்குக் காய்ச்சல், வரவில்லை. பூச்சின் முடிவு ஆகஸ்ட் 1இலிருந்து ஆகஸ்ட் 4க்குப் போகிறது. பெயின்ட்டின் தேதி? அசையாது. புதன் 29 என்றே நிற்கும். தொடக்கம் நடந்தாகிவிட்டது, இரண்டு நாள் கழிந்தாகிவிட்டது, SSஐப் பொறுத்தவரை நிபந்தனை நிறைவேறிவிட்டது. பெயின்ட்காரர் வாளியோடு வந்து நிற்கிறார், ஒரு அறைகூடத் தயாரில்லை. அன்றைய கூலியை யார் கொடுப்பது என்பதுதான் உங்கள் சண்டையாக இருந்திருக்கும்.

இதைவிட மோசம், பூச்சின் முடிவிலிருந்து வேறு எந்த வேலைக்கும் இணைப்பு இல்லையென்றால், அந்த வேலைக்குத் திட்டத்தின் கடைசி நாள்வரை தாராளமாக ஃப்ளோட், அதாவது கடைசி தேதியைத் தள்ளாமல் தாமதிக்கக்கூடிய நாட்கள், இருப்பதாக மென்பொருள் காட்டும். இரண்டு வாரம் தாமதமானாலும் பரவாயில்லை என்று சொல்லாமல் சொல்லும்.

சரி, அப்படியானால் SSஉம் FFஉம் சேர்த்துப் போட்டால் தீர்ந்துவிடுமா?

பெரும்பாலும் தீரும். தொடக்கத்துக்கு `SS+2d`, முடிவுக்கு `FF+1d`. அதாவது பூச்சு முழுதும் முடிந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் பெயின்ட் முடியலாம். பூச்சு சனி ஆகஸ்ட் 1 முடிந்தால் பெயின்ட் திங்கள் ஆகஸ்ட் 3 முடியும். காய்ச்சல் கதையில் பூச்சு 4ஆம் தேதிக்குப் போனால் பெயின்ட்டின் முடிவும் 5க்கு நகரும். தாமதம் இப்போது அட்டவணையில் பயணிக்கிறது.

ஆனால் எதிர்பார்க்காத ஒன்று நடக்கும். பெயின்ட் 29இல் தொடங்காது, 31 வெள்ளி தொடங்கும். மூன்று நாள் வேலையை மென்பொருள் இடைவிடாத மூன்று நாளாகத்தான் பார்க்கிறது. முடிவு 3ஆம் தேதி என்றால் அங்கிருந்து பின்னோக்கி எண்ணி 3, 1, 31 என்று வைக்கும். SS சொன்ன 29 என்பது "இதற்கு முன் கூடாது" என்ற வரம்பு மட்டும். FF அதைவிடப் பின்னால் தள்ளுவதால் FFதான் ஜெயிக்கிறது. தேதி ஏன் பின்னால் போனது என்று பலர் குழம்பி, FFஐ எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள். உண்மையில் பெயின்ட்காரர் தொடர்ந்து மூன்று நாள் வந்தால் அவருக்கும் 31இல் வருவதுதான் லாபம், நடுவில் காத்திருக்க வேண்டாம்.

மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் இன்னொரு தடையும் உண்டு. ஒரே ஜோடி வேலைகளுக்கு நடுவே ஒரு இணைப்பைத்தான் அது அனுமதிக்கும். பிரைமவேராவில் இரண்டும் போடலாம். புராஜெக்டில் நடுவே ஒரு பூஜ்ய நாள் வரியைச் செருகினால் போதும்:

```
20   சுவர்ப் பூச்சு        6d
21   பூச்சு முடிந்தது      0d    20FS
22   பெயின்ட்            3d    20SS+2d,21FF+1d
```

இதையெல்லாம் விட்டுவிட்டு அறை அறையாகப் பிரித்து FS போட்டால் என்ன?

முடிந்தால் அதுவே நல்லது. அறைக்கு இரண்டு நாள் பூச்சு, ஒரு நாள் காய்தல், ஒரு நாள் பெயின்ட் என்று மூன்று பகுதியாகப் பிரித்தால், முதல் பகுதியில் பூச்சு 28 செவ்வாய் முடிந்து, `1ed` காய்ந்து, வியாழன் 30 பெயின்ட். இரண்டாவது சனி ஆகஸ்ட் 1. மூன்றாவது திங்கள் ஆகஸ்ட் 3. கடைசி தேதி அதே 3தான், ஒரு நாளும் மிச்சமாகவில்லை. ஆனால் எந்த நாளில் எந்த அறை என்று இப்போது தெரிகிறது. பெயின்ட்காரருக்கு 31ஆம் தேதி வேலை இல்லை என்பதும் முன்கூட்டியே தெரிகிறது. அன்று அவரை வேறு வீட்டுக்குப் போகச் சொல்லலாம், அல்லது தொடர்ச்சியாக வரட்டும் என்று 31க்குத் தள்ளலாம். முடிவெடுப்பது நீங்கள், SS அல்ல.

பிரிக்க முடியாத வேலைகள் உண்டு. நீளமான கால்வாய் தோண்டுவது, பின்னாலேயே குழாய் போடுவது, அதன் பின்னால் மண் மூடுவது. அங்கே கோடு போட்டுப் பிரிப்பது செயற்கையாக இருக்கும், SSஉம் FFஉம்தான் சரி. அறைகள், மாடிகள் என்று இயல்பாகவே பிரிந்து கிடக்கும் இடத்தில் பிரியுங்கள்.

கேபினெட் செய்ய நாளாகிறது. டைல்ஸ் முடிவதற்கு இரண்டு நாள் முன்னாடியே அளவெடுக்க FS-2d போடலாம் என்கிறார் என் மேலாளர். சரியா?

வேண்டாம் என்பேன். அவர் அவசரம் நியாயமானது. இந்த வீட்டின் கடைசி தேதியைத் தீர்மானிப்பதே கேபினெட்தான். டைல்ஸ் ஆகஸ்ட் 4 முடிகிறது, 5ஆம் தேதி அளவெடுப்பு, 6இலிருந்து தொழிற்சாலையில் 12 வேலை நாள், ஆகஸ்ட் 21 வெள்ளி முடிவு, 24 முதல் 26 வரை மாட்டுதல். இதில் இரண்டு நாள் மிச்சப்படுத்த யாருக்கும் ஆசை வரும்.

கழித்தல் குறியின் சிக்கல், அது இன்னும் நடக்காத ஒரு தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறது. டைல்ஸ் 4ஆம் தேதி முடியும் என்று நம்பி ஆகஸ்ட் 3 திங்கள் அன்று அளவெடுக்க ஆள் வந்துபோகிறார். செவ்வாய்க்கிழமை டைல்ஸ்காரர் வரவில்லை, முடிவு 5க்குப் போகிறது. மென்பொருள் "முடிவுக்கு இரண்டு நாள் முன்" என்பதைப் புதிதாகக் கணக்கிட்டால் ஏற்கெனவே நடந்து முடிந்த அளவெடுப்போடு அது ஒத்துவராது. அதைவிட முக்கியம், அன்று சமையலறைச் சுவரில் டைல்ஸ் இருந்ததா இல்லையா என்பதைப் பற்றி `FS-2d` ஒன்றும் சொல்லவில்லை. டைல்ஸ், அதன் பசை இரண்டும் சேர்ந்து சுவரை உள்ளே கொண்டுவரும். வெறும் சுவரில் எடுத்த அளவுக்குச் செய்த கேபினெட் உள்ளே நுழையாமல் போகலாம்.

உண்மையில் அளவெடுக்கத் தேவையானது என்ன? சமையலறை டைல்ஸ். குளியலறைக்கும் கேபினெட்டுக்கும் சம்பந்தம் இல்லை. அப்படியானால் டைல்ஸை இரண்டாக உடையுங்கள்:

```
6    சமையலறை டைல்ஸ்      2d    5FS
7    குளியலறை டைல்ஸ்     3d    6FS
8    கேபினெட் அளவெடுப்பு   1d    6FS
9    கேபினெட் செய்தல்      12d   8FS
10   கேபினெட் மாட்டுதல்    3d    9FS
```

சமையலறை டைல்ஸ் ஜூலை 29, 30. அளவெடுப்பு வெள்ளி 31. கேபினெட் செய்வது ஆகஸ்ட் 3 முதல் 18 வரை. மாட்டுவது 19, 20, 21. முன்பு 26இல் முடிந்தது இப்போது 21இல் முடிகிறது. மேலாளர் கேட்டது இரண்டு நாள், கிடைத்தது மூன்று வேலை நாள், அதுவும் வெறும் FS வைத்தே. குளியலறை டைல்ஸ் முன்பு போலவே ஆகஸ்ட் 4 முடியும், அதற்கு இப்போது தாராளமாக ஃப்ளோட் இருக்கிறது. டைல்ஸ்காரர் ஒரு நாள் வராவிட்டாலும், சமையலறை முடிந்திருந்தால் கடைசி தேதி அசையாது.

இதற்கு ஒரு விலை உண்டு. சமையலறையை முதலில் முடிக்க வேண்டும் என்று டைல்ஸ்காரரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் தனக்கு வசதியான இடத்தில் தொடங்குவார்.

ஆகஸ்ட் 10 விடுமுறை. கேபினெட் கணக்கில் அதை விட்டுவிட்டீர்களா?

தெரிந்தேதான் விட்டேன். 2026இல் தேசிய தினம் ஞாயிற்றுக்கிழமை வருவதால் மறுநாள் திங்கள் சிங்கப்பூரில் விடுமுறை. ஆனால் நம் கேபினெட் ஜொகூர் பாருவில் செய்யப்படுவதாக வைத்துக்கொண்டேன், இங்கே பல வீடுகளுக்கு அப்படித்தான் வருகிறது. அங்கே 10ஆம் தேதி சாதாரண வேலை நாள். சிங்கப்பூர் நாட்காட்டியை அந்த வேலைக்கும் போட்டால் 18க்குப் பதில் 19 என்று வரும், மாட்டுவது ஒரு நாள் தள்ளிப்போகும்.

இது உங்களுக்குச் சாதகமாக அமைந்தது தற்செயல். எதிர்ப்பக்கமும் நடக்கும்: ஆகஸ்ட் 31 மலேசியாவில் தேசிய தினம், இங்கே இல்லை. வேலை எங்கே நடக்கிறதோ அந்த ஊர் நாட்காட்டியைப் போடுங்கள். இணைப்பு FSதான், இரண்டு ஊருக்கும் பொது.

SF எங்கேயாவது பயன்படுமா?

அபூர்வம். வீடு தயாராகும்வரை குடும்பம் சர்வீஸ் அபார்ட்மென்ட்டில் தங்குகிறது என்றால், குடிபுகுவது தொடங்கும்போது தங்கல் முடிய வேண்டும். குடிபுகும் தேதி தள்ளிப்போனால் தங்கலின் முடிவும் தள்ளிப்போகும். இது SF. குழப்பம் எங்கே வருகிறதென்றால், காலத்தில் பிந்தி வரும் குடிபுகுதல்தான் இங்கே முன்வேலை. முன்வேலை, பின்வேலை என்பது எது முதலில் நடக்கிறது என்பதல்ல, எது எதைத் தள்ளுகிறது என்பது. இதைப் படிப்பவர் பாதிப் பேர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள், அதனால் பல ஒப்பந்தங்களில் SF போடவே விடுவதில்லை. தங்கலின் கடைசி நாளைக் கையால் பார்த்துக்கொள்வது எளிது.

இணைப்பெல்லாம் சரியாக இருக்கிறது. ஆனாலும் முன்வேலை சீக்கிரம் முடிந்தால் பின்வேலை முன்னால் வர மாட்டேன் என்கிறது. ஏன்?

யாரோ தொடக்கத் தேதியைக் கையால் தட்டியிருக்கிறார்கள். புராஜெக்டில் `Start` கட்டத்தில் ஒரு தேதியைத் தட்டினால், அது சத்தமில்லாமல் `Start No Earlier Than` என்ற கட்டுப்பாட்டை வைத்துவிடும். முன்வேலை தாமதமானால் பின்வேலை பின்னால் போகும், எல்லாம் சரியாக நடப்பது போல இருக்கும். முன்வேலை முந்தினால் மட்டும் அசையாது. `Constraint Type` நெடுவரிசையைத் திறந்து பாருங்கள், `As Soon As Possible` தவிர வேறு எதுவும் இருந்தால் யார், ஏன் வைத்தார்கள் என்று கேளுங்கள். வேலை `Manually Scheduled` என்று இருந்தாலும் இணைப்பு தேதியைத் தானாக நகர்த்தாது, அதையும் பாருங்கள்.

மற்றவர் போட்ட அட்டவணை கைக்கு வருகிறது, முன்னூறு வரி. தொங்கும் முனைகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கேள்வி. இதன் தொடக்கத்தை எது தள்ளுகிறது? உள்ளே வரும் இணைப்புகளில் ஒரு FS அல்லது SS இருக்க வேண்டும். இதன் முடிவு எதைத் தள்ளுகிறது? வெளியே போகும் இணைப்புகளில் ஒரு FS அல்லது FF இருக்க வேண்டும். திட்டத்தின் முதல் வேலைக்கும் கடைசி வேலைக்கும் மட்டும் விலக்கு. உள்ளே FF மட்டும் வரும் வேலையின் தொடக்கம் தொங்குகிறது. வெளியே SS மட்டும் போகும் வேலையின் முடிவு தொங்குகிறது. `Predecessors`, `Successors` இரண்டு நெடுவரிசைகளையும் பக்கத்தில் வைத்து SS, FF, SF இருப்பவற்றையும் காலியாக இருப்பவற்றையும் வடிகட்டினால் முன்னூறு வரியிலிருந்து சில பத்து வரிகள்தான் மிஞ்சும்.

எண்ணிக்கையில் ஒரு அளவுகோல் வேண்டுமென்றால், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒப்பந்த மேலாண்மை முகமை உருவாக்கிய 14 அம்சச் சோதனையில் இணைப்புகளில் குறைந்தது 90 விழுக்காடு FS ஆக இருக்க வேண்டும், இடைவெளி போட்டவை 5 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, கழித்தல் குறி ஒன்றுகூடக் கூடாது. வீட்டு வேலைக்கு அதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. கழித்தல் குறி கூடாது என்பதை மட்டும் நான் எல்லா அட்டவணைக்கும் வைத்துக்கொள்கிறேன்.

எண்ணிப் பார்ப்பதைவிட வேகமான சோதனை ஒன்று இருக்கிறது. கோப்பைப் பிரதி எடுத்துக்கொண்டு, சந்தேகப்படும் வேலையின் நாட்களை 6இலிருந்து 26 ஆக்குங்கள். கடைசி தேதி பின்னால் போகிறதா பாருங்கள். சுவர்ப் பூச்சுக்கு இருபது நாள் கூடியும் குடிபுகும் தேதி அப்படியே நின்றால், அந்த வேலையின் முடிவு எதோடும் கட்டப்படவில்லை. அதன் வெளி இணைப்புகளைத் திறந்து, அறைகளைச் சுத்தம் செய்யும் வேலைக்கு ஒரு FS போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம்.